வக்கீலோடு பேசிய அழைப்பைக் குறிப்பாக எழுதுவது எப்படி: ஒரு பாகப்பிரிவினை வழக்கை வைத்து

மதுரையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வெளியூர்க் கட்சிக்காரர்கள் இப்போது நேரில் வருவதைவிட போனில் பேசுவதுதான் அதிகம். பேச ஆரம்பிக்கும் முன்பே சார் கேட்டுவிடுவார், "ரெக்கார்டு பண்ணிக்கிறேம்மா, பரவாயில்லையா?" என்று. சரி என்று அவர்கள் சொல்வதும் அந்தப் பதிவிலேயே இருக்கும். அரை மணி நேரம் பேசுவார்கள். அதைக் கேட்டு, கட்சிக்காரர் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எவ்வளவு செலவாகும், என்ன காகிதங்கள் தேட வேண்டும் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை.

அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், தன் அம்மாவுக்காகவோ அக்காவுக்காகவோ இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று ஒரே ஒரு அழைப்பை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை காட்டுகிறேன். பெயரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கட்சிக்காரர் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் இருக்கிறார். மதுரையில் அப்பா தன் சம்பளத்தில் 1994-ல் வாங்கிய வீடு. அப்பா 2017-ல் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், செல்வி, தங்கை என்று நான்கு பேர். அண்ணனும் அம்மாவும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். வீட்டை விற்கப் போவதாக அண்ணன் பேசிக்கொண்டிருப்பது செல்வியின் காதுக்கு வந்திருக்கிறது.

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள்

கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. வக்கீல் ஆறாவது நிமிடத்தில் ஒரு கணக்குச் சொல்வார். இருபதாவது நிமிடத்தில் கட்சிக்காரர் ஏதோ ஒரு வார்த்தை விடுவார். அந்தக் கணக்கே மாறிவிடும். எழுதிக்கொண்டே போனவருடைய குறிப்பில் பழைய கணக்குத்தான் இருக்கும்.

செல்வியின் அழைப்பில் நடந்ததும் இதுதான். 06:15-ல் சார் சொல்கிறார்:

"அப்பா சொந்த சம்பாத்தியம், உயில் இல்ல. அம்மா, நீங்க மூணு பேர். நாலு சமபங்கு. உங்களுக்கு நாலுல ஒண்ணு."

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இது சரியான கணக்கு. அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகிறது. 19:10-ல் இது வருகிறது:

"அப்பா தவறுறப்போ அவரோட அம்மா இருந்தாங்களா?"

"அப்பத்தா இருந்தாங்க சார். அப்பா போய் ஒரு வருஷம் கழிச்சுத்தான் போனாங்க."

"அப்படியா? அப்ப பங்கு மாறும்மா. அத்தை இருக்காங்கல்ல, அவங்களையும் சேர்க்கணும்."

இவ்வளவுதான். பத்து விநாடி. அடுத்த நிமிடமே இருவரும் வீட்டு வரி ரசீதைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள். இந்தப் பத்து விநாடியைத் தவறவிட்டால் பங்கு, கட்டணம், யார் யார் கையெழுத்து, எந்தெந்தக் காகிதம் என்று குறிப்பில் இருக்கிற எல்லாமே தவறாகும்.

அதனால் முதல் தடவை சும்மா கேளுங்கள். ஒரு தாளில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 06:15 பங்கு, 08:20 கோர்ட் கட்டணம், 12:40 விற்பனைப் பேச்சு, 19:10 அப்பத்தா. இரண்டாவது தடவைதான் எழுதுவது. மூன்றாவது தடவை, எழுதியதை எதிரில் வைத்துக்கொண்டு குறித்த இடங்களை மட்டும் திருப்பிக் கேட்பது. அரை மணி நேரப் பதிவுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

குடும்பத்தை வரைந்துவிட்டு எழுதுங்கள்

சொத்து வழக்கு என்றால் வார்த்தையில் இறங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் குடும்பத்தைக் கிளைகிளையாக வரைந்துவிடுவேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வருடம் இறந்தார் என்று எழுதுவேன். இதில் வருடம்தான் முக்கியம். அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகளோடு அவருக்கும் சமபங்கு உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன. "அப்பத்தாதான் இப்ப இல்லையே" என்பார்கள். இன்று இல்லை என்பது வேறு, அன்று இருந்தார் என்பது வேறு.

படம் வரைந்தால் செல்வியின் கணக்கு தானே தெளிவாகும். 2017-ல் வாரிசுகள் நான்கு பேர் இல்லை, ஐந்து பேர். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 2018-ல் அப்பத்தா காலமானதும் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது. அவருக்கு இரண்டே பிள்ளைகள், செல்வியின் அப்பாவும் அத்தையும். பாதி அத்தைக்கு. மீதிப் பாதி, ஏற்கெனவே இறந்துவிட்ட அப்பாவின் இடத்தில் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கு. செல்வியின் அம்மா மருமகள் என்பதால் இந்தப் பாதியில் அவருக்குப் பங்கு வராது. வீட்டை முப்பது பாகமாக வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு 6, அண்ணன், செல்வி, தங்கை ஆகியோருக்கு ஆளுக்கு 7, அத்தைக்கு 3.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. சார் அழைப்பில் "பங்கு மாறும்" என்றுதான் சொன்னார். முப்பதில் ஏழு என்று அவர் சொல்லவில்லை. அது நான் போட்ட கணக்கு. அதைக் கட்சிக்காரருக்குப் போகும் குறிப்பில் சார் சொன்னது போல எழுதிவிடக் கூடாது. பென்சிலில் ஓரமாகப் போட்டு, "சார் சரிபார்க்கவும், 19:10" என்று எழுதி அவர் மேஜையில் வைப்பேன். அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது குறிப்புக்குள் போகும். வக்கீல் வாயிலிருந்து வராத எந்தச் சட்டக் கருத்தும் குறிப்பில் இருக்கக் கூடாது. வீட்டில் இருந்து உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறீர்கள் என்றாலும் இதே முறைதான். உங்கள் கணக்கைக் கேள்வியாக எழுதி வக்கீலிடம் திருப்பிக் கேளுங்கள்.

வழிகளை எழுதும்போது வினைமுற்றை மாற்றாதீர்கள்

நம் பேச்சில் ஒரு விஷயம் எவ்வளவு உறுதி என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் இருக்கிறது. "நோட்டீஸ் விடணும்" என்பதும் "நோட்டீஸ் விடலாம்" என்பதும் "நோட்டீஸ் விட்டுப் பார்ப்போம்" என்பதும் மூன்று வேறு ஆலோசனைகள். முதலாவதில் தேர்வு இல்லை. இரண்டாவதில் கட்சிக்காரர் முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதில் வக்கீலுக்கே பலன் மீது பெரிய நம்பிக்கை இல்லை. குறிப்பு எழுதும்போது இந்த மூன்றையும் "நோட்டீஸ் அனுப்ப வேண்டும்" என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது வாக்கியத்தைத் திருத்துங்கள், முடிவை மட்டும் தொடாதீர்கள்.

செல்விக்கு சார் மூன்று வழிகள் சொன்னார். முதலாவது, பேசி முடிப்பது. அண்ணன் பணம் கொடுத்தால் செல்வி தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் போடலாம். இரண்டாவது, வழக்குப் போடுவதற்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே முடிந்தால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஆனால் அண்ணன் வர வேண்டும், சம்மதிக்க வேண்டும். மூன்றாவது, பாகப்பிரிவினை வழக்கு. கூடவே, வழக்கு முடியும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்கும் மனு.

ஒவ்வொரு வழியோடும் அது எதை நம்பி நிற்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். "மக்கள் நீதிமன்றம் போகலாம்" என்று நிறுத்திவிட்டால் படிக்கிறவர் தான் போனால் மட்டும் போதும் என்று நினைத்துக்கொள்வார். "அண்ணன் சம்மதித்து வந்தால்" என்ற சொற்கள் அதே வரியில் இருக்க வேண்டும். அடுத்த பத்தியில் இருந்தால் பாதிப் பேர் படிப்பதில்லை.

அவசரம் உண்டா இல்லையா என்பதைத் தனியாகத் தேடி எடுங்கள். 12:40-ல் சார் சொன்னது: "இப்போதைக்கு அவசரம் இல்ல. ஆனா அட்வான்ஸ் வாங்கிட்டார்னு தெரிஞ்சா அன்னிக்கே கூப்பிடுங்க." இதில் தேதி இல்லை. ஆனாலும் இது ஒரு கெடுதான். இதை நான் குறிப்பின் முதல் வரியில் வைத்தேன்.

செலவு: சொல்லாமல் விட்ட அலகு

பணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஆயிரம், லட்சம் என்பதைச் சொல்வதே இல்லை. 08:20-ல் சார் பேசியதை அப்படியே தருகிறேன்:

"வீடு எண்பது போகும்னு வச்சுக்கிட்டா உங்க பங்கு இருபது. மூணு பெர்சன்ட், அறுபது ஆகும் கோர்ட் ஃபீஸ். சேர்ந்து அனுபவிக்கிறீங்கன்னா அவ்வளவு வராது, சொற்பம்தான். என் ஃபீஸ் நாப்பது, ரெண்டு தவணையா கொடுங்க. நோட்டீஸ் மட்டும்னா ஒரு மூணு."

எண்பதும் இருபதும் லட்சம். அறுபதும் நாற்பதும் மூன்றும் ஆயிரம். பேசுகிற இருவருக்கும் இதில் குழப்பமே வராது. தாளில் "இருபது, அறுபது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் படிக்கிற செல்விக்கு வரும். குறிப்பில் முழு இலக்கத்தில் எழுதுங்கள்: வீட்டின் மதிப்பு 80,00,000, கோர்ட் கட்டணம் 60,000. "ஒரு மூணு" என்பதில் உள்ள "ஒரு" ஏறக்குறைய என்று பொருள். "சுமார் 3,000" என்று எழுத வேண்டும். அவர் "நாப்பது" என்று நேராகச் சொன்னதற்குச் "சுமார்" போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். தொகையை ஊகித்து எழுதக் கூடாது.

தொகையை விட அதன் அடியில் இருக்கிற நிபந்தனை பெரியது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955-ன் 37-வது பிரிவுப்படி, சொத்து அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் பாகம் கேட்டால் தன் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதக் கட்டணம் கட்ட வேண்டும். மற்றப் பங்காளிகளோடு கூட்டு அனுபவத்தில் இருப்பவர் என்றால் சிறிய நிலையான கட்டணம்தான். இந்தச் சதவீதம் முன்பு ஏழரையாக இருந்தது, 2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் ஏழரை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், அதனால் குறிப்பில் மூன்று என்று தெளிவாக எழுதிவிடுவேன்.

ஆக, செல்விக்கு அறுபதாயிரம் ஆகுமா, சிறிய தொகையில் முடியுமா என்பது ஒரே கேள்வியில் நிற்கிறது. அவர் அந்த வீட்டின் அனுபவத்தில் இருக்கிறாரா? அழைப்பில் அவர் இதைப் பற்றி இரண்டு இடத்தில் பேசுகிறார். 04:30-ல், "அண்ணன் இப்பல்லாம் மூஞ்சி கொடுத்தே பேசறதில்ல, வீட்டுக்கு வந்தா வேண்டா வெறுப்பாதான் இருக்கான்." 15:05-ல், "போன பொங்கலுக்குக்கூடப் போய் ரெண்டு நாள் இருந்தோம். மாடி ரூம்ல என் பீரோ, பாத்திரம் எல்லாம் இருக்கு. சாவி எங்கிட்டதான்."

புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை இது போன்ற பேச்சை "அண்ணன் வீட்டுக்குள் விடுவதில்லை" என்று சுருக்கி எழுதினார். கட்சிக்காரர் அப்படிச் சொல்லவே இல்லை. வேண்டா வெறுப்பாக இருப்பது வேறு, உள்ளே விடாமல் இருப்பது வேறு. அந்த ஒரு வரி நோட்டீஸில் போயிருந்தால், அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்று அவரே ஒத்துக்கொண்டது போல் ஆகியிருக்கும். அனுபவம் பற்றிய பேச்சைச் சுருக்காதீர்கள். கட்சிக்காரர் சொன்ன சொற்களையே மேற்கோளாக, நேரத்தோடு எழுதுங்கள். கட்டணம் குறையும் என்பதற்காக இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. நடந்தது எதுவோ அது.

அப்பத்தா விஷயத்தால் தொகையும் மாறுகிறது. 80 லட்சத்தில் முப்பதில் ஏழு பங்கு என்றால் சுமார் 18,67,000. அதில் மூன்று சதவீதம் 56,000. வித்தியாசம் நாலாயிரம்தான். ஆனாலும் குறிப்பில் 60,000 என்றும் பங்கு முப்பதில் ஏழு என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு எண் மாறினால் அதிலிருந்து பிறந்த எண்களையெல்லாம் தேடிப்போய் மாற்ற வேண்டும்.

பேசி முடித்தால் ஆகும் செலவுக்குக் கணக்கு வேறு. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்பு இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. பழைய பத்திரத்தைப் பார்த்துச் செலவு சொல்கிறவர்கள் உண்டு, கவனம். அத்தை தன் பங்கைச் செல்வியின் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தால் இதே சலுகை வருமா என்பதை சார் அன்று சொல்லவில்லை, "பதிவு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அதை அப்படியே "நிலுவை: சார் கேட்டுச் சொல்வார்" என்று எழுதினேன்.

செலவுப் பகுதியில் விட்டுப்போவது பெரும்பாலும் பிற்பாடு வருகிற செலவுதான். பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும். அப்புறம் வீட்டை அளந்து பிரிக்க வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிப்பார்கள், அவருக்குக் கட்டணம் உண்டு. இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுத வேண்டும், அதுவும் செலவு. சார் இதை "அதெல்லாம் அப்புறம்மா" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டார். அழைப்பில் அது போதும். குறிப்பில் "இப்போது கட்ட வேண்டியது, பிறகு வரக்கூடியது" என்று இரண்டாகப் பிரித்து எழுதினால்தான் செல்வி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.

திரும்பி வரக்கூடிய பணமும் இருக்கிறது. கட்டணம் கட்டி வழக்குப் போட்ட பிறகு சமரசமாக முடிந்தால் கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றை சார் 26:50-ல், அழைப்பை முடிக்கும் நேரத்தில் சொன்னார்: "கட்ட முடியலன்னா சொல்லுங்கம்மா, பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்க மாட்டாங்க." சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-ன் 12-வது பிரிவில் அது இருக்கிறது. போனை வைக்கும் நேரத்துப் பேச்சு என்று கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்காமல் விடுகிறார்கள். வக்கீல்கள் நல்ல விஷயத்தைப் பல நேரம் அங்கேதான் சொல்கிறார்கள்.

காகிதங்கள்: எது, எதற்கு, எங்கே

காகிதப் பட்டியலில் பெயர்களை மட்டும் அடுக்கினால் வேலை நடக்காது. எதற்காகத் தேவை, யாரிடம் இருக்கிறது, இல்லாவிட்டால் எங்கே வாங்குவது என்ற மூன்றும் வேண்டும். செல்விக்கு நான் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது.

1994 கிரயப் பத்திரம் அண்ணனிடம் இருக்கிறது, கேட்டால் கொடுக்க மாட்டார். பரவாயில்லை, பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். வீடு அப்பா பெயரில் வந்ததைக் காட்ட இது வேண்டும். வில்லங்கச் சான்று, 1994 முதல் இன்றுவரை. tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம். அண்ணன் ஏதாவது அடமானமோ விற்பனை ஒப்பந்தமோ பதிவு செய்திருக்கிறாரா என்று இதில் தெரியும். முதலில் எடுக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இதைப் பார்த்த பிறகு வழிகளே மாறக்கூடும். அப்பாவின் இறப்புச் சான்று செல்வியிடம் இருக்கிறது. வாரிசுச் சான்று இருக்கிறது, ஆனால் அதில் அப்பத்தா பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பத்தாவின் இறப்புச் சான்றும் அவருடைய வாரிசுச் சான்றும் புதிதாகத் தேவை, வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்கலாம். மாடி அறையின் படங்கள், பொங்கலுக்கு அங்கே இருந்தபோது எடுத்த படங்கள், அனுபவத்தைக் காட்ட.

பட்டாவும் வீட்டு வரியும் அண்ணன் பெயருக்கு மாறிவிட்டன என்று செல்வி அழைப்பில் அழுதார். அதற்கு சார், "பட்டா மாறினதால உரிமை போயிடாது" என்று சொன்ன பதிலை மட்டும் வைத்துக்கொண்டேன். கட்சிக்காரர் பயந்த இடத்தில் வக்கீல் என்ன பதில் சொன்னார் என்பது குறிப்பில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். இரவில் அந்தப் பயம் திரும்ப வரும்போது அவர் அந்த வரியைத்தான் தேடுவார்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில், "அவங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்று வக்கீல் சொன்னதை அம்மாவின் கையெழுத்து என்று எழுதினேன். அதற்கு முந்தின வாக்கியம் அம்மாவைப் பற்றியது. ஆனால் அவர் சொன்னது தங்கையை. கட்சிக்காரர் நடக்க முடியாத அம்மாவைக் காரில் வைத்துப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போய், நாள் முழுக்க உட்கார வைத்துத் திரும்பினார். அன்றிலிருந்து "அவங்க", "அவர்", "நம்ம ஆளு" என்று வருகிற இடத்திலெல்லாம் பெயரையோ உறவையோ எழுதாமல் நான் தாண்டுவதில்லை. தமிழில் மரியாதைப் பன்மை ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். யார் என்று தெரியவில்லை என்றால் பேசியவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

குறிப்பின் வடிவம்

எல்லாம் சேர்ந்த பிறகு குறிப்பின் தொடக்கம் இப்படி வந்தது:

> அண்ணன் அட்வான்ஸ் வாங்கியதாகத் தெரிந்தால் அன்றே அலுவலகத்துக்குக் கூப்பிடவும். மற்றபடி இப்போதைக்கு அவசரம் இல்லை.
>
> நீங்கள் முடிவு செய்ய வேண்டியது: முதலில் பேசிப் பார்ப்பதா (நோட்டீஸ், சுமார் 3,000), மக்கள் நீதிமன்றமா (கட்டணம் இல்லை, அண்ணன் சம்மதித்து வந்தால் மட்டும்), நேராக வழக்கா.
>
> உங்கள் பங்கு: 30-ல் 7 (அப்பத்தாவின் பங்கையும் சேர்த்து. சார் சரிபார்த்தார்). அத்தையும் ஒரு பங்குதாரர்.
>
> வழக்கு என்றால் கோர்ட் கட்டணம்: கூட்டு அனுபவம் என்று நிலைத்தால் சிறிய தொகை. இல்லையென்றால் சுமார் 56,000 (வீடு 80,00,000 என்று வைத்துக்கொண்டால்).
>
> வக்கீல் கட்டணம்: 40,000, இரண்டு தவணை.

சாய்ந்த எழுத்து, வண்ணம் எதுவும் வேண்டாம். போனில் படிக்கிறார்கள், சிறு பத்திகள் போதும்.

அனுப்புவதற்கு முன்

குறிப்பு முதலில் வக்கீலிடம் போக வேண்டும், அவர் பார்த்த பிறகுதான் கட்சிக்காரருக்கு. நீங்கள் கட்சிக்காரரின் வீட்டு ஆள் என்றாலும், "நான் புரிந்துகொண்டது இது, தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று வக்கீலுக்கு ஒரு நகல் அனுப்பி, பதில் வந்த பிறகு அதை நம்புங்கள்.

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடக்கும் பேச்சு ரகசியம். பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-ன் 132-வது பிரிவு வக்கீலைக் கட்டுப்படுத்துவது போலவே அவருடைய குமாஸ்தாவையும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் எங்களைத்தான் கட்டுப்படுத்தும், குடும்ப வாட்ஸ்அப் குழுவை அல்ல. செல்வி 22:15-ல், "பதினஞ்சு கொடுத்தாக்கூட ஒத்துக்குவேன் சார்" என்று சொல்லியிருந்தார். பதினைந்து லட்சம். இது குறிப்பில் இருந்து, அவர் அதைத் தங்கைக்கு அனுப்பி, தங்கை வழியாக அண்ணன் கைக்குப் போனால், பேரம் அங்கேயே முடிந்துவிடும். இறங்கி வரும் தொகை, எதிர்த்தரப்பைப் பற்றி வக்கீல் சொன்ன அபிப்பிராயம், இரண்டையும் குறிப்பில் எழுதாமல் அலுவலகக் கோப்பில் தனித் தாளில் வைப்பேன்.

செல்விக்குக் குறிப்பை அனுப்பிய மறுநாள் அவரே கூப்பிட்டார். வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் அப்பத்தா பெயர் இல்லை. அந்த அழைப்புக்கும் புதிதாக ஒரு தாள் எடுத்து 00:40 என்று எழுதினேன்.